கம்பெனியின் பெயரும் நமது ஊர்ப் பட்டதாரிகளும்

கடலூரிலிருந்து விருத்தாசலம் செல்லும் நெடுஞ்சாலையில் குள்ளஞ்சாவடியைச் சுற்றியுள்ள கிராமங்களில் முந்திரி பயிரிடாத செம்மண் காடு குறைவு. முந்திரிக்கொட்டை வாங்க வரும் வியாபாரி மூட்டையின் மேல்வாயை மட்டும் பார்த்து விலை சொல்வதில்லை. மூட்டையின் நடுவிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து, கொட்டைகளை இரண்டாக வெட்டி, பருப்பு நிறைந்திருக்கிறதா, சொத்தையா என்று எண்ணிப் பார்த்த பிறகே அவர் வாய் திறப்பார். விற்பவரும் அவ்வாறே தராசைச் சரிபார்க்காமல் கொட்டையை அளக்க விடுவதில்லை. இருபுறமும் ஆராய்ந்து பார்த்துச் செய்யும் வியாபாரமே நிலைத்து நிற்கிறது.

சில ஆண்டுகளாக இப்பகுதிக்கு வேறு ஒரு வியாபாரியும் வந்துகொண்டிருக்கிறார். அவர் தேடி வருவது நம் வீட்டுப் பட்டதாரிகளை. கடலூர், பண்ருட்டி, சிதம்பரம் கல்லூரிகளில் வண்ணப் பதாகைகளைக் கட்டி, கண்ணாடி மாளிகைகளின் படங்களைத் திரையில் காட்டி, எங்கள் கம்பெனிக்கு வாருங்கள் என்று அழைக்கிறார். இவ்விதம் ஒரு ஸ்தாபனம் தன்னை வேலை கொடுப்பவர் என்ற முறையில் நற்பெயருடையதாக ஆக்கிக்கொள்ளச் செய்யும் முயற்சிகளுக்கு இப்போது ஒரு தனித் துறையே ஏற்பட்டிருக்கிறது. சோப்புக்கும் தேயிலைக்கும் ‘பிராண்டு’ இருப்பதுபோல வேலைக்கும் ஒரு பிராண்டு உண்டு என்று 1996-ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த டிம் ஆம்ப்லர், சைமன் பாரோ என்னும் இருவர் ஒரு கட்டுரையில் எழுதினார்கள். ஒரு வேலையினால் கிடைக்கும் பயன், பணம், மனநிறைவு ஆகிய மூன்றும் சேர்ந்து அந்த முதலாளியின் பெயரோடு ஒட்டிக்கொள்கின்றன என்பது அவர்கள் கருத்தின் சாரம். நம் ஊரார் இதைக் கட்டுரை படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. நெய்வேலிக்கு அருகில் வாழ்கிறவர்களுக்கு இது பழகிய விஷயமே.

1956-இல் தொடங்கிய நெய்வேலி பழுப்பு நிலக்கரிக் கழகம், 2016-இல் என்.எல்.சி. இந்தியா என்று பெயர் மாறியது. ஆயினும் ஊரில் அது இன்னும் வெறும் ‘நெய்வேலி வேலை’தான். அந்த இரண்டு சொற்களுக்குள் குடியிருப்பு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், மாதம் தவறாத சம்பளம் ஆகிய யாவும் அடங்கியுள்ளன. அதற்காகக் கழகம் எந்தப் பதாகையும் கட்டவில்லை. அண்டை வீட்டார் ஒருவர் அங்கே வேலை செய்து, பிள்ளைகளைப் படிக்க வைத்து, வீடு கட்டியதை ஊர் கண்ணால் பார்த்தது, அவ்வளவே. அதே சமயத்தில் நிலம் கொடுத்த கிராமங்களிலும் ஒப்பந்தத் தொழிலாளர் குடும்பங்களிலும் அப்பெயரைச் சொன்னால் வேறு விதமான பேச்சு எழுவதும் உண்டு. ஒரே ஸ்தாபனத்துக்கு இரண்டு வீடுகளில் இரண்டு பெயர்கள் என்றால், அது விளம்பரத்தின் குற்றமுமன்று, சிறப்புமன்று. அந்தந்த வீட்டுக்குக் கிடைத்த அனுபவத்தின் விளைவேயாகும். ஆகவே, இப்பகுதியில் ஒரு மென்பொருள் கம்பெனி ஆள் எடுக்க வரும்போது தாய்மார்கள், “குவார்ட்டர்ஸ் உண்டா? நிரந்தரமா?” என்று முதலில் கேட்பதில் வியப்பில்லை. அவர்கள் கையிலுள்ள அளவுகோல் நெய்வேலி.

வருகிற கம்பெனி எத்தகையது என்பதை முதலில் அறிய வேண்டும். நாம் இங்கே பேசுவது டாட்டா, இன்போசிஸ் போன்ற பேரளவு ஸ்தாபனங்களைப் பற்றியன்று. சில நூறு பேர் முதல் சில ஆயிரம் பேர் வரை வேலை செய்யும் நடுத்தரக் கம்பெனிகளைப் பற்றி. சொந்தமாக ஒரு சரக்கைச் செய்து விற்பது இவற்றின் தொழில் அன்று. அமெரிக்காவிலுள்ள ஒரு பாங்கு, ஓர் ஆஸ்பத்திரி, ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனி ஆகியவற்றுக்கு வேண்டிய கம்ப்யூட்டர் நிரல்களை எழுதிக் கொடுப்பதும் பராமரிப்பதுமே தொழில். பெரும்பாலும் இத்தனை ஆள், இத்தனை மணி நேரம் என்று கணக்கிட்டே வாடிக்கையாளருக்குப் பில் போடுகிறார்கள். நடவுக்கு ஆள் அனுப்பும் கங்காணியின் கணக்கு இதற்கு மிக நெருங்கியது. ஆள் வேலையில் இருக்கும் நாளெல்லாம் வருமானம். வேலையின்றி உட்கார்ந்திருக்கும் நாளெல்லாம் செலவு. அப்படி உட்கார்ந்திருப்பதைத் தொழிலில் ‘பெஞ்சு’ என்பார்கள். இந்த ஒரு சொல்லைப் புரிந்துகொண்டால், பின்னால் நாம் சொல்லப்போகும் பல விஷயங்களின் காரணம் விளங்கிவிடும்.

நடுத்தரக் கம்பெனி சிற்றூர்களை நாடி வருவதற்கும் கணக்குதான் காரணம். சென்னையிலும் பெங்களூரிலும் பயிற்சி பெற்ற பிள்ளை ஓராண்டு அனுபவம் கிடைத்ததும் பெரிய கம்பெனிக்குப் போய்விடுகிறார். சிற்றூர்ப் பிள்ளை சற்று நீடித்து நிற்பார் என்பது அவர்கள் நம்பிக்கை. அரசாங்கமும் தொழிலைச் சிறு நகரங்களுக்குக் கொண்டுவர ஏற்பாடு செய்கிறது. நமக்கு அண்மையில், விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில், 2024-இல் ‘டைடல் நியோ’ கட்டிடம் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் தஞ்சாவூரிலும் சேலத்திலும் அதுபோன்றவை திறக்கப்பட்டன.

இனி, கம்பெனியின் சங்கடத்தை ஒரு கணக்கின் மூலம் பார்ப்போம். இது விளக்கத்துக்காக நாம் வைத்துக்கொண்ட கணக்கு. ஒரு கம்பெனி இவ்வட்டாரக் கல்லூரிகளில் 40 பேரைத் தேர்ந்தெடுத்து வேலைக் கடிதம் கொடுக்கிறது. எட்டு மாதம் கழித்துச் சேரும் நாளில் வந்தவர்கள் 24 பேர். வராத 16 பேரில் சிலரைப் பெரிய கம்பெனி அழைத்துக்கொண்டது. சிலர் சர்க்கார் பரீட்சைக்குப் படிக்கப் போனார்கள். மீதிப் பேர் வராததற்குக் காரணம், கடிதம் கொடுத்த நாளிலிருந்து எட்டு மாதம் அந்தக் கம்பெனியிலிருந்து ஒரு வார்த்தையும் வராததே. வீட்டில், “அவர்கள் மறந்துவிட்டார்கள்” என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

இந்தத் தோல்வியைக் கண்ட கம்பெனிகள் பெரும்பாலும் செய்யும் தவறு, அடுத்த ஆண்டு இன்னும் பெரிய பதாகை கட்டுவது. பதாகை மாணவனின் கண்ணுக்குத்தான் எட்டுகிறது. முடிவு எடுக்கப்படுவதோ வீட்டுத் திண்ணையில். அங்கே கேட்கப்படும் கேள்விகள் வேறு. தங்குவதற்கு இடம் எது, முதல் சம்பளம் வருவதற்கு முன் கையிலிருந்து எவ்வளவு கொண்டுபோக வேண்டும், பெண்பிள்ளைக்கு இரவு வேலை உண்டா, உண்டானால் வண்டி விடுதி வாசல் வரை வருமா, ஆங்கிலம் தடுமாறினால் ஏளனம் செய்வார்களா என்பவையே அவை. இக்கேள்விகளுக்குத் தமிழில், பெற்றோர் பெயருக்கு, ஒரு பக்கக் கடிதம் எழுதும் கம்பெனிக்கு ஆகும் செலவு பதாகையின் செலவில் சிறு பகுதிதான். இடைப்பட்ட எட்டு மாதத்தில் மாதம் ஒரு முறை ஒருவர் தொலைபேசியில் பேசுவதும், சேருவதற்கு முன் ஒரு நாள் பெற்றோரை அலுவலகத்துக்கு அழைத்து ஒரு வேளைச் சாப்பாட்டுடன் சுற்றிக் காட்டுவதும் வந்து சேருவோர் எண்ணிக்கையை உயர்த்தும். தம் முயற்சி பலித்ததா என்பதைக் கம்பெனி அறிய இரண்டு எண்கள் போதும். கடிதம் பெற்ற நூறு பேரில் எத்தனை பேர் சேர்ந்தனர், சேர்ந்தவர்களில் எத்தனை பேர் ஓராண்டு முடித்தனர் என்பவை அவை. முதல் எண் உயர்ந்து இரண்டாவது எண் சரிந்தால், சொன்ன சொல்லுக்கும் உள்ளே கண்டதற்கும் இடையே பள்ளம் இருக்கிறது என்று பொருள்.

அந்தப் பள்ளம் முதன்முதலில் தென்படும் இடம் சம்பளம். பதாகையில் ‘ஆண்டுக்கு 3,60,000 ரூபாய்’ என்று இருக்கும். விவசாயி அதைப் பன்னிரண்டால் வகுத்து மாதம் 30,000 என்று எண்ணுகிறார். அந்த எண் கையில் வரும் பணமன்று. ஓர் ஆளுக்காகக் கம்பெனி செய்யும் மொத்தச் செலவு. முந்திரிக்கொட்டையை வெட்டிப் பார்ப்பதுபோல் இதையும் வெட்டிப் பார்ப்போம். அடிப்படைச் சம்பளம் மாதம் 15,000 என்று கொள்வோம். கம்பெனி தன் பங்காகச் செலுத்தும் வருங்கால வைப்புநிதி, 12 சதவீத வீதம், மாதம் 1,800, ஆண்டுக்கு 21,600. பணிக்கொடைக்காக ஒதுக்குவது சுமார் 8,660. இது பொதுவாக ஐந்தாண்டு பணி நிறைந்தவருக்கே கிடைக்கும். ஆனாலும் முதல் ஆண்டிலேயே கணக்கில் காட்டப்படும். மருத்துவ இன்ஷூரன்ஸ் 6,000 என்றும், ஆண்டு முடிவில் வேலைத் திறமையைப் பார்த்துக் கொடுப்பதாகச் சொல்லும் தொகை 36,000 என்றும் வைத்துக்கொள்வோம். இவை யாவும் சேர்ந்து 72,260. இவற்றைக் கழித்தால் மீதி 2,87,740. மாதத்துக்குச் சுமார் 23,980. இதிலிருந்து ஊழியரின் பங்கான வைப்புநிதி 1,800 போகும். தொழில் வரி அரையாண்டுக்கு 1,250 என்ற கணக்கில் மாதத்துக்குச் சுமார் 208 போகும். இந்த வரியை வசூலிக்கும் பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கு இது புதிதன்று. கடைசியில் கையில் வருவது ஏறக்குறைய 22,000 ரூபாய்.

இதில் கம்பெனி பொய் சொன்னதாகக் கூற முடியாது. வைப்புநிதியும் பிள்ளையின் சேமிப்பேயாகும். ஆனால் 30,000 என்று எண்ணி விடுதி, வீட்டுக்கு அனுப்பும் பணம், கல்விக் கடன் தவணை ஆகியவற்றைத் திட்டமிட்ட குடும்பத்துக்கு முதல் மாதமே 8,000 குறைகிறது. அன்று அந்த வீட்டில் கம்பெனியின் பெயர் கெடுகிறது. அச்செய்தி மறுநாளே பேருந்து நிறுத்தத் தேநீர்க்கடைக்கு வந்துவிடும். கையில் வரும் தொகையைக் கடிதத்திலேயே தனி வரியாகத் தமிழில் எழுதிக் கொடுத்தால் இந்தச் சேதம் இல்லை. அப்படி எழுத மறுக்கும் கம்பெனியைப் பற்றிச் சந்தேகம் கொள்வது தவறன்று.

விளக்கமில்லாத ஓர் எண் பெரிய பெயரையும் ஆட்டிவிடும். 2024 ஆகஸ்டில் காக்னிசென்ட் கம்பெனி புதிய பட்டதாரிகளுக்கு ஆண்டுக்கு 2,52,000 ரூபாய் கொடுக்கிறது என்ற செய்தி பரவி, நாடெங்கும் எள்ளி நகையாடப்பட்டது. அது பொறியியல் அல்லாத மூன்றாண்டுப் பட்டதாரிகளுக்கான சம்பளம் என்றும், பொறியியல் பட்டதாரிகளுக்கு 4 லட்சம் முதல் தருவதாகவும் கம்பெனி பின்னர் விளக்க நேர்ந்தது. நம் வட்டாரத்தில் பி.எஸ்ஸி., பி.சி.ஏ. படித்தவர்கள் ஏராளம். அவர்களைப் பற்றிய பேச்சே அது என்பதை இங்கே பலர் கவனிக்கவில்லை.

அடுத்தது தேதி. வேலைக் கடிதத்தில் சேரும் நாள் எழுதப்படாமல், ‘பின்னர் தெரிவிக்கப்படும்’ என்றிருந்தால், பெஞ்சைப் பற்றி முன்பு சொன்னதை நினைவில் கொள்ள வேண்டும். வெளிநாட்டு வாடிக்கையாளர் வேலையை ஒத்திப்போட்டால், கம்பெனி புதியவர்களைச் சேர்ப்பதை ஒத்திப்போடும். சம்பளம் கொடுத்து உட்கார வைப்பதைவிட, சம்பளமின்றி வீட்டில் காத்திருக்க வைப்பது அதற்கு மலிவு. 2023 பிப்ரவரியில் விப்ரோ கம்பெனி, ஆண்டுக்கு 6,50,000 ரூபாய்க்குத் தேர்வாகிப் பயிற்சியும் முடித்துக் காத்திருந்தவர்களிடம், 3,50,000-க்குச் சம்மதித்தால் உடனே சேரலாம் என்று கேட்டது. வேண்டாமென்றால் பழைய கடிதம் செல்லும், ஆனால் காத்திருக்க வேண்டும் என்பது நிலை. அத்தனை பெரிய ஸ்தாபனம் அந்தப் பேச்சைத் தாங்கிக்கொள்ளும். நடுத்தரக் கம்பெனிக்கோ ஒரு கல்லூரியில் ஒரு முறை தேதி தவறினால், மறு ஆண்டு அந்தக் கல்லூரியின் நல்ல மாணவர்கள் அதன் வரிசையில் நிற்கமாட்டார்கள். 40 கடிதம் கொடுத்து ஓராண்டு காக்க வைப்பதைவிட, 15 கடிதம் கொடுத்துச் சொன்ன நாளில் சேர்ப்பது அதற்கு நல்லது. காத்திருக்கும் குடும்பத்துக்கும் ஒரு யோசனை: தேதியில்லாத கடிதத்தை நம்பி வேறு வேலையை விடுவதும், கடன் வாங்குவதும் வேண்டாம்.

மூன்றாவது ஒப்பந்தப் பத்திரம். இரண்டாண்டோ மூன்றாண்டோ வேலை செய்யாமல் விலகினால் இத்தனை லட்சம் கட்ட வேண்டும் என்று சில கம்பெனிகள் எழுதி வாங்குகின்றன. இது செல்லவே செல்லாது என்று ஊரில் பலர் சொல்வதுண்டு, அது சரியன்று. விஜயா பாங்கு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் அளித்த தீர்ப்பில், மூன்றாண்டுக்கு முன் விலகினால் 2 லட்சம் ரூபாய் என்ற நிபந்தனை செல்லும் என்று கூறியது. அது ஒரு பொதுத்துறை பாங்கின் அதிகாரி சம்பந்தப்பட்டது. மீண்டும் ஆள் எடுக்க அந்த பாங்குக்கு ஆகும் செலவு கருதப்பட்டது. ஆள் எடுப்பதற்கும் பயிற்சிக்கும் சொற்பமே செலவிட்ட கம்பெனி மனம்போன தொகை கேட்டால், நியாயமான நஷ்டஈடு எவ்வளவு என்பது வேறு கேள்வி. எப்படியானாலும், கையெழுத்திட்டுவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்பது ஆபத்து. மூலச் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கம் இதைவிடத் தீயது. சரிபார்த்துவிட்டு அன்றே திருப்பித் தர வேண்டிய காகிதம் அது. இவ்விதம் கட்டிப் போடும் கம்பெனி தன் பெயரைப் பற்றித் தானே ஒரு செய்தி சொல்கிறது: கதவைத் திறந்து வைத்தால் உள்ளே யாரும் இருக்கமாட்டார்கள் என்று அது அஞ்சுகிறது.

கட்டிப் போடாமலே பெயரெடுத்த ஒரு முயற்சியைப் பார்ப்போம். ஜோஹோ கம்பெனி சொந்தச் சரக்கை விற்பதாகையால் நாம் பேசும் வகையைச் சேர்ந்ததன்று, ஆளும் பெரியது. ஆனால் ஆள் எடுத்த முறை கவனிக்கத்தக்கது. 2004-2005-இல் சென்னையில், பள்ளிப் படிப்பு முடித்த பிள்ளைகள் ஆறு பேரைக் கொண்டு ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியது. கட்டணம் இல்லை, மாதந்தோறும் உதவித்தொகை உண்டு. பட்டம் கேட்கவில்லை, வேலை கற்றுக்கொள்ளும் திறமையையே பார்த்தது. 2011-இல் தென்காசிக்கு அருகில் மத்தளம்பாறையில் அலுவலகம் திறந்தது. நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு 2019 முதல் அந்தக் கிராமத்திலேயே குடியிருக்கலானார். இதனால் விளைந்தது என்னவெனில், ‘ஊரில் இருந்துகொண்டே இந்த வேலை செய்யலாம்’ என்பது தென்காசி வட்டாரத்தில் விளம்பர வாசகமாக இல்லாமல், காலையில் மிதிவண்டியிலும் பேருந்திலும் வேலைக்குப் போகிறவர்களாகக் கண்ணுக்குத் தெரிந்தது. நடுத்தரக் கம்பெனி ஒவ்வொன்றும் கிராமத்தில் கட்டிடம் கட்ட முடியாது. வாடிக்கையாளர் தரவின் பாதுகாப்புக்கும், தடையற்ற மின்சாரத்துக்கும் ஆகும் செலவு சிறிய அலுவலகத்துக்குக் கட்டாது. ஆயினும் முதல் ஆறு பேரை நன்றாக நடத்துவது எவருக்கும் முடியும்.

பதாகையைத் தவிர வேறு விதமாகக் கம்பெனியை அறிய வழி உண்டா என்று கேட்கலாம். உண்டு, அதற்குச் செலவுமில்லை. வருங்கால வைப்புநிதி ஸ்தாபனத்தின் இணையத்தளத்தில் Establishment Search என்ற பக்கம் இருக்கிறது. அதில் கம்பெனியின் பெயரை இட்டால், அது ஒவ்வொரு மாதமும் எத்தனை ஊழியர்களுக்காக, எந்தத் தேதியில் பணம் கட்டியது என்பது தெரியும். ‘எங்களிடம் 1,500 பேர்’ என்று மேடையில் சொன்ன கம்பெனி அங்கே 180 பேருக்குப் பணம் கட்டியிருந்தால் விளக்கம் கேட்க வேண்டும். ஒப்பந்தக்காரர் மூலம் இருப்பவர்கள் வேறு பெயரில் கட்டப்பட்டிருக்கலாம். ஆகவே குறைந்த எண் ஒன்றே குற்றமாகாது. ஆனால் எண் மாதா மாதம் சரிந்துகொண்டே போவதும், பணம் தாமதமாகக் கட்டப்படுவதும் நல்ல அறிகுறிகளல்ல. பஞ்சாயத்து அலுவலகத்தில் கம்ப்யூட்டர் தெரிந்த ஒருவர் பத்து நிமிடத்தில் இதைப் பார்த்துச் சொல்லிவிடலாம். ‘முன்பணம்’, ‘பயிற்சிக் கட்டணம்’ என்று வேலைக்கு முன் பணம் கேட்பவர்களைப் பொறுத்தவரை இந்தச் சோதனையும் வேண்டியதில்லை. அவர்களை வாசலோடு அனுப்பிவிடலாம்.

எல்லாவற்றிலும் வலிய சாட்சி, அந்தக் கம்பெனியில் ஏற்கெனவே சேர்ந்த நம் பக்கத்து ஊர்ப் பிள்ளையின் சொல்லே. பொங்கலுக்கு ஊர் வரும்போது அவரை அழைத்து, முதல் மூன்று மாதச் சம்பளச் சீட்டையும் வைப்புநிதிக் கணக்கையும் காட்டும்படி கேட்கலாம். அவரோடு சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இப்போது இருக்கிறார்கள், போனவர்கள் ஏன் போனார்கள் என்றும் கேட்கலாம். இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. தம் ஊழியர் ஒருவரை அழைத்து வந்தால் அவருக்கு ஒரு தொகை கொடுப்பது பல கம்பெனிகளின் வழக்கம்; புதியவர் சில மாதம் நிலைத்த பிறகே அத்தொகை கைக்கு வரும். அதைப் பெறுவதில் தவறில்லை. ஆனால் புகழ்ந்து பேசுகிறவரிடம், “தம்பி, இதில் உனக்கு ஏதாவது கிடைக்குமா?” என்று தயங்காமல் கேட்டுவிட வேண்டும். உண்டென்று உடனே ஒப்புக்கொண்டு, உள்ளே இருக்கும் குறைகளில் இரண்டையாவது சேர்த்துச் சொல்பவர் பேச்சை எடுத்துக்கொள்ளலாம்.